தயிர் சாதத்துக்கு 441 ரூபாயா?

ஐந்து பேர் பிரியாணிக் கடைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு மட்டன் பிரியாணி, தலா 380 ரூபாய். அவர்கள் இருவரும் மட்டும் பங்கு போட்டுக்கொண்ட மீன் வறுவல் 290. இன்னும் இருவருக்கு சிக்கன் பிரியாணி, தலா 260. ஐந்தாவது ஆள் சைவம், தயிர் சாதம் 110. நடுவில் வைத்தது சிக்கன் 65 (240 ரூபாய், சைவக்காரர் தொடவில்லை), எல்லோரும் எடுத்துக்கொண்ட கோபி மஞ்சூரியன் 180. ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து பில் 2,205.

"தலைக்கு 441, அனுப்பிடுங்கடா!"

பெரும்பாலும் இப்படிச் சொல்வது மீன் வறுவல் சாப்பிட்டவர்தான். தயிர் சாதக்காரர் சாப்பிட்டது வரியோடு 153 ரூபாய்க்கு. அவர் எதுவும் சொல்ல மாட்டார், அடுத்த முறை கூப்பிட்டால் "வேலை இருக்கு மச்சான்" என்பார். இன்னொன்று, சமமாகப் பிரிப்போம் என்று முன்பே தெரிந்தால் ஆர்டரும் ஏறும். இஸ்ரேலில் ஓர் உணவகத்தில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், தனித்தனியாகப் பணம் கட்டியவர்களைவிட சமமாகப் பிரித்தவர்கள் கூடுதலாகவே வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அதற்காகக் கோபி மஞ்சூரியனில் யார் எத்தனை துண்டு என்று எண்ண ஆரம்பிப்பது அடுத்த தவறு. பெரிய வித்தியாசங்களை மட்டும் வெளியே எடுத்தால் போதும். தயிர் சாதக்காரர் 150 கொடுத்துவிட்டு ஒதுங்கட்டும். மீதி 2,055. மட்டன்காரர் ஒவ்வொருவரும் சிக்கன்காரரைவிட 265 ரூபாய்க்கு அதிகம் சாப்பிட்டிருக்கிறார், வரியோடு சுமார் 280. அந்த இரண்டு 280ஐயும் கழித்து மீதியை நான்காக வகுத்தால் தலைக்கு ஏறக்குறைய 375. ஆக, சிக்கன்காரர்கள் தலா 375, மட்டன்காரர்கள் தலா 655. கூட்டினால் 2,210.

அவரவர் மெனு விலையை மட்டும் எடுத்து வைப்பதும் உண்டு. அப்போது இந்த பில்லில் வரி 105 ரூபாய் அப்படியே நிற்கும். கார்டைத் தேய்த்தவர் தலையில்தான் அது விழும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை இருந்தால், அது கட்டாயமில்லை. வேண்டாமென்றால் பிரிப்பதற்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, "உன்னால எவ்ளோ முடியும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பது. கை இறுக்கமாக இருப்பவரை வாய் திறக்க வைக்கக் கூடாது. அதிகம் சாப்பிட்டவர்தான் முந்திக்கொள்ள வேண்டும், அதுவும் ஆர்டர் சொல்லும்போதே: "மீன் எங்க ரெண்டு பேர் கணக்கு, அதை நாங்க பாத்துக்கறோம்." பில் வந்த பிறகு இதையே சொன்னால் ஏதோ தியாகம் செய்வது போல ஆகிவிடும்.

அப்புறம், பணம் கட்டியவர் யாருக்கு எவ்வளவு என்று அன்றிரவே குழுவில் போட்டுவிடட்டும். மிச்சம் ஐந்து ரூபாயை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை.