டைப்பிங் பாடவேளை கேட்டு எச்.எம்.முக்கு ஒரு கடிதம்: படிப்படியாக

ஸ்டாஃப் ரூம் வாசலில் எச்.எம்.மை மடக்கி, "சார், நம்ம பிள்ளைகளுக்கு லேப்ல டைப்பிங் பழக வாரத்துல ரெண்டு பீரியடு வேணும்" என்று கேட்டால் "பார்க்கலாம் டீச்சர்" என்பார். அவருக்கு மனம் இல்லாமல் இல்லை. அந்த நிமிடத்தில் அவர் மனதில் மூன்று கேள்விகள் ஓடும். யாருடைய பாடவேளையை எடுப்பது? இருக்கும் மெஷின் போதுமா? ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத கடிதம் எவ்வளவு அழகான தமிழில் இருந்தாலும் மேசையிலேயே கிடக்கும். அதனால் கடிதத்தைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம்.

உதாரணத்துக்குக் காரைக்குடி பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியை வைத்துக்கொள்வோம். 9ஆம் வகுப்பில் 38 பிள்ளைகள். லேபில் 20 கணினிகள். கடிதம் எழுதப்போவது அந்த வகுப்பின் தமிழாசிரியை. உங்கள் பள்ளியின் கணக்கு வேறாக இருக்கும்; வழி இதுதான்.

முதலில் லேபுக்குப் போய் எண்ணுங்கள்

இருப்புப் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். அதில் 20 என்று இருக்கும், ஓடுவது வேறாக இருக்கும். லேப் பொறுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, ஒரு மாலை எல்லாக் கணினிகளையும் போட்டுப் பாருங்கள். டைப்பிங்குக்கு முக்கியம் கீபோர்டு. ஒவ்வொன்றிலும் `Notepad` திறந்து எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டுங்கள். எழுத்து விழாத விசை, ஒருமுறை தட்டினால் இரண்டாக விழும் விசை, அழுத்தினால் மேலே வராத ஸ்பேஸ் பார் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். F, J விசைகளில் சின்ன மேடு இருக்கும். சுட்டுவிரல் இரண்டும் பார்க்காமலே இடம் பிடிப்பது அதை வைத்துத்தான். பழைய கீபோர்டில் அது தேய்ந்து போயிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் `Win + Space` அழுத்தித் தமிழ் வருகிறதா என்று பாருங்கள். வரும் பட்டியலில் `Tamil 99` இருக்க வேண்டும். ஒரு கணினியில் அதுவும் இன்னொன்றில் வேறு விசைப்பலகையும் இருந்தால், இடம் மாறி உட்காரும் பிள்ளை ஒவ்வொரு முறையும் குழம்பும்.

நம் உதாரணத்தில் 18 கணினிகள் நன்றாக இருக்கின்றன. மீதி இரண்டில் கீபோர்டு மட்டும் பழுது. 38 பிள்ளைகளை இரண்டிரண்டாக உட்கார வைத்தால் 19 ஜோடி. ஒரு கணினி குறைகிறது. இரண்டு கீபோர்டு வாங்கினால் 20 கணினியும் ஓடும், ஒன்று மிச்சம்கூட இருக்கும். "கணினிகள் போதவில்லை" என்று எழுதுவதற்கும் "இரண்டு கீபோர்டு வேண்டும்" என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தலைமை ஆசிரியர் உடனே கவனிப்பார். முதலாவதற்கு அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டும். இரண்டாவதைக் கடைத்தெருவில் வாங்கிவிடலாம்.

40 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள்

வகுப்பைப் பாதியாகப் பிரித்துப் பாதிப் பேரை லேபுக்கு அனுப்புவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. மீதிப் பாதியை யார் பார்ப்பது? இன்னொரு ஆசிரியர் வேண்டும். அங்கேயே கோரிக்கை நின்றுவிடும். அதைவிட முழு வகுப்பையும் கூட்டிப்போய் ஜோடியாக உட்கார வைப்பதே நல்லது.

போய் உட்கார 5 நிமிடம். முதல் பிள்ளை 15 நிமிடம் தட்டும். பக்கத்துப் பிள்ளை பாடப்பகுதியை வாசித்துச் சொல்லும், விரல் சரியாகப் போகிறதா என்றும் பார்க்கும். அப்புறம் மாற்றிக்கொண்டு இன்னொரு 15 நிமிடம். கடைசி 5 நிமிடம் சேமித்து, மூடி, நாற்காலியை ஒதுக்கி வைக்க. சும்மா உட்காரும் பிள்ளைதான் லேபில் ஒயரைப் பிடுங்கும். இந்த முறையில் யாரும் சும்மா இருப்பதில்லை.

வாரம் இரண்டு பாடவேளை கேட்பதற்கும் காரணத்தை எழுதுங்கள். இரண்டும் அடுத்தடுத்து வேண்டாம். செவ்வாயும் வியாழனும் என்றால் நடுவில் ஒரு நாள்தான் இடைவெளி. வாரம் ஒருமுறை மட்டும் என்றால், பழகும் ஆரம்பத்தில் விரல்கள் இடத்தை மறந்துவிடுகின்றன. அடுத்த வகுப்பின் பாதி பழையதைத் திரும்பச் செய்வதிலேயே போய்விடும்.

யாருடைய பாடவேளை?

பி.இ.டி. பீரியடைக் கேட்காதீர்கள். பிள்ளைகளும் வருத்தப்படுவார்கள், உடற்கல்வி ஆசிரியரும் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். கணக்கு, அறிவியல் பக்கமே போக வேண்டாம். உங்கள் பாடவேளை ஒன்றை நீங்களே கொடுங்கள். நூலகப் பாடவேளை ஒன்றைக் கேளுங்கள். தமிழாசிரியை என்றால் இது எளிது. தட்டப்போவது தமிழ்ப் பாடநூலின் உரைநடைப் பகுதி என்றால் தமிழ்ப் பாடவேளை வீணாகவில்லை. சந்திப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் திரையில் கண்ணுக்கு நேரே நிற்கும்.

காலை முதல் பாடவேளையைத் தவிருங்கள், பிரார்த்தனைக் கூட்டம் நீண்டால் 10 நிமிடம் போய்விடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளுக்கு மாற்று ஏற்பாட்டையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

என்ன பழகுவார்கள் என்று காட்டுங்கள்

"தட்டச்சுப் பயிற்சி" என்று மட்டும் எழுதினால் பிள்ளைகள் லேபில் கேம் ஆடுவார்களோ என்ற சந்தேகம் வரும். ஒரு பக்கத்தில் திட்டத்தை இணையுங்கள். தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999இல் ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும் வரும். நடு வரிசையில் இடது கைக்கு அ, இ, உ, புள்ளி, எ; வலது கைக்கு க, ப, ம, த, ந, ய. இந்த ஒரு வரிசையை வைத்தே முதல் வாரங்களில் முழுச் சொற்களைத் தட்டலாம்.

```
தம்பி    l k j s
பந்து    j ; l d
அம்பு    a k j d
பகுதி    j h d l s
```

'தம்பி'யில் புள்ளிக்கென்று தனி விசை தட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ம-வுக்குப் பின் ப, ந-வுக்குப் பின் த, ங-வுக்குப் பின் க வந்தால் புள்ளி தானே விழும். ஒரே மெய்யை இரண்டுமுறை தட்டினாலும் அப்படித்தான். நடு வரிசை கைவந்ததும் மேல் வரிசை, கீழ் வரிசை. அப்போது நம் ஊர்ப் பெயர்களே நல்ல பயிற்சி:

```
ஆத்தங்குடி    q l l b h d o s
காரைக்குடி    h q m r h h d o s
```

வேகத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அரசின் தட்டச்சு லோயர் தேர்வுக்குப் பிள்ளைகள் ஊரில் உள்ள இன்ஸ்டிடியூட்டில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழகுகிறார்கள். வாரம் அரை மணி நேரத்தில் அது வராது. "அரையாண்டுத் தேர்வுக்குள் விசையைப் பார்க்காமல் ஒரு பத்தியைத் தட்டுவார்கள்" என்பது நடக்கக்கூடியது, சோதித்தும் பார்க்கலாம்: கீபோர்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுத் தட்டச் சொன்னால் போதும்.

இனி கடிதம்

ஒரே பக்கம். கையால் எழுதினாலும் சரி, தட்டினாலும் சரி. கேட்பது டைப்பிங் என்பதால் தட்டியே கொடுப்பது பொருத்தம்.

அனுப்புநர்
(பெயர்),
பட்டதாரி ஆசிரியை (தமிழ்),
(பள்ளியின் பெயர்),
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
தலைமை ஆசிரியர் அவர்கள்,
(பள்ளியின் பெயர்).

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: 9ஆம் வகுப்பு மாணவர்களுக்குக் கணினி ஆய்வகத்தில் வாரம் இரண்டு தட்டச்சுப் பயிற்சிப் பாடவேளைகள் ஒதுக்க வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். 9ஆம் வகுப்பு மாணவர்கள் 38 பேருக்கும் தமிழ்99 விசைப்பலகையில் பயிற்சி அளிக்க விரும்புகிறேன். இதற்காகச் செவ்வாய் மூன்றாம் பாடவேளையையும் (தமிழ்), வியாழன் ஆறாம் பாடவேளையையும் (நூலகம்) கணினி ஆய்வகத்தில் நடத்த அனுமதி வேண்டுகிறேன். நூலகப் பொறுப்பு ஆசிரியரிடம் பேசி அவரது இசைவைப் பெற்றுள்ளேன். பிற பாடங்களின் நேரம் மாறாது.

ஆய்வகத்தில் 18 கணினிகள் நல்ல நிலையில் உள்ளன. இரண்டில் கீபோர்டு மட்டும் பழுது. அவ்விரண்டையும் மாற்றித் தந்தால் கணினிக்கு இருவர் வீதம் அனைவரும் அமரலாம். அதுவரை இரண்டு கணினிகளில் மட்டும் மூவர் அமர்வர்.

இரு பாடவேளைகளிலும் நானே ஆய்வகத்தில் இருப்பேன். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் கணினிகளைச் சரிபார்த்து ஆய்வகப் பதிவேட்டில் கையொப்பமிடுவேன். இணையவழித் தேர்வு உள்ள நாள்களில் ஆய்வகத்தை விட்டுக்கொடுப்போம். அந்நாள்களிலும் மின்தடை நாள்களிலும் வகுப்பறையில் வழக்கமான பாடம் நடைபெறும்.

முதல் ஒரு மாதத்துக்கு இதை அனுமதித்து, மாத இறுதியில் மாணவர்களின் தட்டச்சைத் தாங்கள் நேரில் பார்த்தபின் தொடர்வது குறித்து முடிவு செய்ய வேண்டுகிறேன். பயிற்சித் திட்டம் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்:
நாள்:
இணைப்பு: பயிற்சித் திட்டம் – 1 பக்கம்

இதில் "ஒரு மாதம்" என்ற வரியை வெட்டிவிடாதீர்கள். ஆண்டு முழுவதற்கும் அனுமதி கொடுக்கத் தயங்குகிறவர் ஒரு மாதத்துக்குக் கொடுத்துவிடுவார். நூலகப் பொறுப்பு ஆசிரியரின் இசைவை உண்மையிலேயே வாங்கிய பிறகுதான் அந்த வரியை எழுத வேண்டும், எச்.எம். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்.

கொடுத்த பிறகு

திங்கள் காலையில் கொண்டுபோய் நீட்டாதீர்கள், அன்று அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மாலையில், பிள்ளைகள் போன பிறகு கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் ஒரு கையொப்பம் வாங்குங்கள். "சரி டீச்சர், நடத்திக்குங்க" என்று வாயால் சொன்னால் அதோடு நிற்க வேண்டாம். "சார், சுற்றறிக்கையில ஒரு வரி போட்டுட்டா மத்தவங்களுக்கும் தெரியும்" என்று பணிவாகக் கேளுங்கள். சுற்றறிக்கையில் எல்லா ஆசிரியர்களும் கையொப்பமிட்டுவிட்டால், வியாழன் ஆறாம் பாடவேளையில் வேறொருவர் லேப் சாவியை வாங்கிக்கொண்டு போவது நிற்கும். ஸ்டாஃப் ரூமில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையிலும் அந்த இரண்டு கட்டங்களைத் திருத்தச் சொல்லிவிடுங்கள்.