பிஸ்ஸுவுக்குத் தமிழில் பைத்தியம் இல்லை: சிங்களமும் தமிழும் கலந்த வீட்டில் பகிடி எங்கே பிழைக்கிறது

கல்யாணமாகி மூன்றாம் மாதம், திருகோணமலையில் எங்கள் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. அம்மா என் கணவருக்கு நான்காவது மீன் துண்டை வைக்கப் போனார். அவர் கந்தளாய்க்காரர், சிங்களம்தான் வீட்டு மொழி. தமிழில் ஒரு பகிடி விட்டு மாமியாரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சிரித்துக்கொண்டே, “அம்மாவுக்குப் பைத்தியம்!” என்றார். அகப்பை அந்தரத்தில் நின்றது. அம்மா ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார்.

அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சிங்களத்தில் “ஒயாட்ட பிஸ்ஸுத?” என்று ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்வார்கள். மழையில் குடையில்லாமல் போனால் பிஸ்ஸு, விலை கூடின மாம்பழம் வாங்கினால் பிஸ்ஸு. செல்லமாகச் சொல்லும்போது அதில் “என்னப்பா நீ” என்பதற்கு மேல் கனமில்லை. அகராதியைத் திறந்தால் அதற்கு எதிரே பைத்தியம் என்று இருக்கும். பொருள் சரி, கனம் சரியில்லை. எங்கள் ஆட்கள் பகிடிக்கு “விசரா உனக்கு?” என்பார்கள். அதையும் ஒத்த வயதுக்காரரிடம்தான் சொல்வார்கள், மாமியாரிடம் சொல்ல மாட்டார்கள்.

இதுதான் முதல் தவறு, மற்றப் பல தவறுகளுக்கும் வேர்: பகிடிச் சொல்லை மொழிபெயர்ப்பது. ஒரு சொல்லை எடுக்குமுன் அதன் பொருளைக் கேட்டால் போதாது. இதை உன் வீட்டில் யார் யாரிடம் சொல்வார்கள், சிரிக்கும்போது சொல்வார்களா கோபத்தில் சொல்வார்களா, பெரியவர்கள் முன்னால் சொல்லலாமா என்று கேளுங்கள். நாங்கள் ஒருநாள் டச் பே கடற்கரையில் கடலை கொறித்தபடி இருந்து, இரண்டு பேரும் அடிக்கடி பாவிக்கும் பத்துப் பன்னிரண்டு பகிடிச் சொற்களை இப்படிக் கேட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் நான் நினைத்த கனத்தில் இல்லை. “சுது” என்று அவர் என்னைக் கூப்பிடுவது அன்றுதான் எனக்கு விளங்கியது. சொல்லுக்குப் பொருள் வெள்ளை. நான் கறுப்பு. நிறத்தைக் குத்திக் காட்டுகிறார் என்று மாதக்கணக்காக மனதுக்குள் வைத்திருந்தேன். சிங்களத்தில் அது எங்கள் “செல்லம்” போல, நிறம் பார்க்காமல் சொல்வது.

இரண்டாவது, “நீ” என்ற சொல். தமிழில் கணவன் மனைவிக்குள் “நீ” நெருக்கம். சிங்களத்தில் அந்த இடத்தில் இருப்பது “ஒயா”. ஆனால் நம் பையன்கள் சிங்களத்தைப் பழகுவது வேலைத் தலத்திலும் பஸ்ஸிலும் கூட்டாளிகளிடம். அங்கே கேட்பது “உம்ப”. கூட்டாளிகளுக்குள் அது சினேகம். சில கிராமத்து வீடுகளில் குடும்பத்துக்குள்ளும் புழங்கும். ஆனால் அப்படிப் பழகாத ஒரு பெண்ணிடம் “உம்ப” என்று பகிடி விட்டால், பகிடி அவள் காதில் ஏறாது, “உம்ப” மட்டும்தான் ஏறும். “தோ” அதைவிட மோசம், அது சண்டைச் சொல். அதைப் பகிடிக்கும் எடுக்க வேண்டாம். மறுபக்கம் எங்கள் “டி”யும் அப்படித்தான். அறைக்குள் “வாடி” இனிக்கும். அவருடைய தமிழ்க் கூட்டாளிகள் முன்னால் அதையே சொன்னபோது என் முகம் கறுத்துவிட்டது.

இதோடு ஒட்டிய ஒரு நுணுக்கம், இரண்டு மொழியிலும் உதவும். சிங்களத்தில் “ஒயா மோடயி நே” என்றால் மெல்லிய சீண்டல். அந்த “நே” எங்கள் “தானே” மாதிரி, எதிராளியையும் சிரிப்புக்குக் கூப்பிடுகிறது. “மோடயா” என்றால் ஆளுக்கே பட்டம் கட்டியாயிற்று. தமிழிலும் “மோட்டு வேலை பார்த்தீங்கள்” என்பதைக் கேட்டுச் சிரிக்கலாம், “மோடன்” என்பதைக் கேட்டுச் சிரிப்பது கஷ்டம். செய்த காரியத்தைச் சீண்டும் சொல் அன்றோடு போய்விடும்.

அடுத்தது உச்சரிப்பு. இதைத்தான் நான் நீளமாகச் சொல்ல விரும்புகிறேன். அவருக்கு ழகரம் வராது. வாழைப்பழம் “வாலப்பலம்” ஆகும். நான் சொல்லிக் காட்டிச் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். அந்தத் தைரியத்தில் ஒருநாள் என் அப்பாவின் சிங்களத்தை அவர் அப்படியே செய்து காட்டினார். தமிழ் எழுத்தில் ‘ப’வுக்கு ஒரே வடிவம்தான். சிங்களத்தில் மெல்லிய ‘ப’வும் வல்லின ‘ப’வும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். அப்பாவுக்கு இந்த இரண்டும் இடம் மாறும். பகிடியைக் கேட்ட அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

1983 ஆடிக் கலவரத்தில், வாளிக்குச் சிங்களத்தில் சொல்லும், மெல்லிய ‘ப’வில் தொடங்கும் “பால்திய” என்ற சொல்லைச் சொல்லச் சொல்லி, நாக்கு புரளும் விதத்தை வைத்துத் தமிழரைக் கண்டுபிடித்தார்கள். அப்பா அந்த நேரம் கொழும்பில் வேலை பார்த்தவர். என் கணவர் அதற்குப் பிறகு பிறந்தவர், இந்தக் கதை அவருக்குத் தெரியாது. அன்றிரவு நான் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை.

ஒரு பக்கத்தின் உச்சரிப்புப் பிழை வெறும் பிழை, மறு பக்கத்தின் பிழைக்குப் பின்னால் உயிர்ப்பயம் இருக்கிறது. அதனால் “நானும் சிரிக்கிறேன், நீயும் சிரி” என்ற கணக்கு இங்கே சரிவராது. எங்கள் வீட்டில் இப்போது சொந்த உச்சரிப்பை அவரவரே கிண்டல் செய்யலாம், மற்றவர் தொடங்கக் கூடாது. பெற்றோரின் பேச்சைத் தொடவே கூடாது. இனப் பெயரும் அப்படியே. “மோட்டுச் சிங்களவன்” என்பது தமிழ் வீடுகளில் வாய் தவறி வரும் தொடர். மருமகன் அடுத்த அறையில் இருந்தால் மட்டும் தவிர்ப்பது போதாது. இனத்தின் பெயரோடு ஒரு அடைமொழி சேர்ந்தால் அங்கே பகிடி முடிந்தது.

சிரிப்பில் சேர முடியாதவரையும் பாருங்கள். அக்காமாரோடு தமிழில் கதைத்து நாங்கள் வெடித்துச் சிரிக்கும்போது, நடுவில் தன் பெயர் மட்டும் விளங்கிய ஒருவர் அங்கே இருக்கிறார். உடனே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தப் பகிடி அவரைக் காயப்படுத்தும் பகிடி என்று அர்த்தம்.

பட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்? பதிலுக்குச் சீண்டல் வந்தால் பிரச்சினை இல்லை. பேச்சு திடீரென்று மரியாதையாக மாறினால் கவனிக்க வேண்டும். எனக்கு மனம் நொந்தால் “நீ” போய் “நீங்கள்” வரும். அவருக்கு “ஒயா”வே காணாமல் போகும், பெயர் சொல்லாமல், முகம் பார்க்காமல் இரண்டு சொல்லில் பதில் வரும். இந்த நேரத்தில் தமிழில் “சும்மா சொன்னேன்”, சிங்களத்தில் “நிகங் கிவ்வே” என்ற சாக்கு இரண்டும் வேலை செய்யாது, நொந்தவர்தான் பிழை என்று ஆக்கிவிடும். நொந்தவரின் மொழியிலேயே கேளுங்கள். நான் “ஹித ரிதுனாத?” என்று கேட்பேன், மனம் நொந்ததா என்று அர்த்தம்.

அந்த மீன் நாளில் அவர் குசினி வாசலில் போய் நின்று, நான் அவசரமாகச் சொல்லிக் கொடுத்ததை ஒவ்வொரு சொல்லாக அம்மாவிடம் சொன்னார்: “அம்மா, நான் சொன்ன சொல் பிழை. என்னோடு கோபமா?” அம்மா திரும்பாமலே, “சோறு ஆறுது, போய்ச் சாப்பிடும்” என்றார். நான்காவது துண்டு பிறகு வந்தது.