க்ரம்பிளின் மேல்மாவு நமத்துப் போவது ஏன்?

பழத்தின் மேல் வெண்ணெய் பிசறிய மாவைத் தூவிச் சுடும் இனிப்புதான் க்ரம்பிள். ஓவனிலிருந்து வரும்போது அது பொன்னிறமாகத்தான் இருக்கும். கால் மணி நேரம் கழித்துக் கரண்டியை விட்டால் மேல்மாவு களியாகக் கிடக்கும். உடனே எல்லோரும் மாவைத்தான் குறை சொல்கிறார்கள். அடுத்த முறை வெண்ணெயைக் கூட்டுகிறார்கள், ஓட்ஸ் சேர்க்கிறார்கள், மறுபடியும் அதே கதைதான். மாவில் ஒரு குறையும் இருக்காது. கீழே இருக்கும் பழம் விடும் நீரும் ஆவியும்தான் அதை ஊற வைக்கின்றன.

பினாங்கில் பலர் ஆப்பிளுக்குப் பதில் அன்னாசியில் செய்கிறார்கள். ருசி அருமை, ஆனால் சாறு அதிகம். சந்தையில் தோல் சீவித் தரும் அன்னாசி, வீடு வந்து சேர்வதற்குள் பையிலேயே சாறு விட்டிருக்கும். அதைப் பச்சையாகத் தட்டில் கொட்டி, சீனியும் சோள மாவும் தூவி, மேலே மாவைப் போட்டு ஓவனில் வைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. சாறு கொதிநிலையை நெருங்கினால்தான் சோள மாவு கெட்டியாகும். தட்டின் ஓரம் சீக்கிரம் கொதிக்கும், நடுப்பகுதி கடைசியில்தான் கொதிக்கும். நம் வீடுகளில் இருக்கும் சின்ன மேசை ஓவன்களில் மேல் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால், நடு கொதிக்கும் முன்பே மேல்மாவு சிவந்துவிடும். நிறத்தைப் பார்த்து வெளியே எடுத்துவிடுகிறோம். நடுவில் ஒரு கரண்டி சாறு எடுத்துப் பாருங்கள்: வெள்ளையாகக் கலங்கி, தண்ணீர் போல ஓடினால் சோள மாவு வேகவில்லை. பளபளவென்று தெளிந்து, கரண்டியில் ஒட்டி நின்றால் வெந்துவிட்டது.

அதனால் பழத்தை அடுப்பிலேயே முடித்துவிடுவது நல்லது. 800 கிராம் அன்னாசியை விரற்கடை அளவுத் துண்டுகளாக நறுக்கி, 60 கிராம் சீனி கலந்து அரை மணி நேரம் வையுங்கள். வடியும் சாற்றை மட்டும் தனியாகச் சட்டியில் ஊற்றி, பாதியாக வற்றும்வரை கொதிக்க விடுங்கள். பிறகு துண்டுகளைச் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிளறினால், குமிழிகள் கனத்து மெதுவாக வெடிக்கும். அப்போது அடுப்பை அணைத்து, அகலமான, ஆழம் குறைந்த தட்டுக்கு மாற்றுங்கள். ஆழமான கிண்ணத்தில் பழத்தின் அடுக்கு உயரமாகிவிடும், அத்தனை ஆவியும் கொஞ்ச இடத்து மாவின் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

அடுத்தது மேல்மாவு. 150 கிராம் கோதுமை மாவு, 90 கிராம் வெண்ணெய், 70 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. இங்கே சமையலறைச் சூட்டில் வெண்ணெய் சீக்கிரம் இளகிவிடும். விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தால் பசையாகி, ஓவனில் தட்டையாகப் பரவி, ஆவி போக வழியில்லாத மூடியாகிவிடும். குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் சீக்கிரம் பிசறி, கொண்டைக்கடலை அளவு உருண்டைகளும் தூளும் கலந்து இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அப்புறம் அரை மணி நேரம் உறைபெட்டியில் வையுங்கள். உருக்கிய வெண்ணெயில், ஸ்ட்ரூசல் எனப்படும் இதே போன்ற மேல்மாவைச் செய்பவர்களும் உண்டு, அதுவும் சரிதான். ஆனால் அதையும் குளிர வைத்துத்தான் ஓவனில் வைக்க வேண்டும். தூவிய பிறகு உள்ளங்கையால் அழுத்தவே கூடாது.

நான் நம்பிச் செய்வது இன்னொரு முறை. மாவைத் தனித் தட்டில் பரப்பி, 170 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், லேசாக நிறம் ஏறும்வரை சுட்டு எடுத்துவிடுவேன். பிறகு சூடான பழத்தின் மேல் தளர்வாகத் தூவி, 180 டிகிரியில் இன்னும் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். மாவின் ஈரம் முன்பே போய்விட்டதால் அது சீக்கிரம் ஊறாது.

ஓவனிலிருந்து எடுத்ததும் தொட்டுப் பார்த்து, மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி உள்ளே வைத்துக் கருக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டில் வெண்ணெயும் சீனியும் இளகித்தான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு தெரியும். ஒரு உருண்டையை மட்டும் எடுத்து ஐந்து நிமிடம் ஆற வைத்து உடைத்துப் பாருங்கள். ஆறும் நேரத்தில் அலுமினியத் தாளாலோ மூடியாலோ மூடாதீர்கள், மேலெழும் ஆவி நீராகி அப்படியே மாவில் சொட்டும்.

தீபாவளித் திறந்த இல்லத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பழத்தையும் சுட்ட மாவையும் தனித்தனி டப்பாக்களில் எடுத்துச் செல்லுங்கள். மாவு நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவை இறுக மூட வேண்டும். அங்கே பழத்தைச் சூடாக்கி, பரிமாறும்போது மேலே தூவிக்கொள்ளலாம். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் மாவு ஊறத்தான் செய்யும். மறுநாள் 160 டிகிரி ஓவனில் மூடாமல் சூடாக்கினால் ஓரளவு மீளும். மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் மெத்தென்றாகும்.