என்இசிக்குப் பிறகு மீண்டும் பால்: பதிவேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சிளங்குழந்தையின், பெரும்பாலும் குறைமாதக் குழந்தையின், குடல் சுவர் அழற்சியுற்று அழுகத் தொடங்கும் நோய் என்இசி. அறுவை சிகிச்சை தேவைப்படாத குழந்தைக்குக்கூடப் பாலை நிறுத்தி, பல இடங்களில் 7 முதல் 10 நாள் வரை குடலுக்கு ஓய்வு கொடுப்பார்கள். அப்புறம் பாலைத் தொடங்கும்போது பதிவேட்டில் நேரும் சில தவறுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் தவறு, "3 மி.லி. கூட்டவும்" என்று மட்டும் எழுதுவது. 1,200 கிராம் எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 20 மி.லி. எனத் தொடங்கினால் மொத்தம் 24 மி.லி.; மூன்று மணிக்கு ஒருமுறை, எட்டு வேளை, வேளைக்கு 3 மி.லி. தினமும் கிலோவுக்கு 20 மி.லி. கூட்டினால், மூன்றாம் நாள் வேளைக்கு 9 மி.லி., அதாவது கிலோவுக்கு 60 மி.லி. அன்றிரவு யாரோ இடைவெளியை இரண்டு மணி நேரமாக்கிவிட்டு அதே 9 மி.லி.யைத் தொடர்ந்தால் நாளுக்கு 108 மி.லி., கிலோவுக்கு 90! ஒன்றரை நாள் ஏற்றம் ஒரே இரவில் நடந்துவிடுகிறது. ஆனால் வேளை அளவு மாறாததால் ஏட்டைப் புரட்டுபவர் கண்ணில் அது படாது. ஆகவே வேளை அளவு, எத்தனை வேளை, கிலோவுக்கு நாளளவு, கணக்குக்கு எடுத்த எடை ஆகிய நான்கும் ஒரே வரியில் இருக்க வேண்டும். நோயின்போது உடலில் நீர் கோத்திருந்தால் அன்றைய எடை ஊதித் தெரியும். எந்த எடை என்று எழுதாவிட்டால் கணக்கே பிசகும்.

பாலை நிறுத்திவைத்தால் எந்த அளவில், ஏன், எத்தனை மணி நேரம் நிறுத்தினோம், எந்த அளவில் மீண்டும் தொடங்கினோம் என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் பழைய அட்டவணைப்படியே ஏற்றிவிடுவார்.

அடுத்தது, "பால் ஏற்கிறது" என்று இரண்டே சொல்லில் முடிப்பது. அது முடிவுதானே தவிர, கண்டது அல்ல. வயிறு மெத்தென்று இருக்கிறதா, விறைத்திருக்கிறதா, தொட்டால் குழந்தை முகம் சுளிக்கிறதா, தோல் நிறம் மாறியதா, மலம் எப்படிப் போனது, மூச்சு நின்று நின்று வருவதும் இதயத்துடிப்பு குறைவதும் அதிகரித்ததா என்று தனித்தனியாக எழுத வேண்டும். இல்லாததையும் "இல்லை" என்றே குறிக்க வேண்டும். வயிற்றுச் சுற்றளவை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், பால் தருவதற்கு முன் அளந்தால்தான் ஒப்பிட முடியும். அப்போதும் அந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. இரைப்பையில் கொஞ்சம் பால் தங்குவது மட்டுமே நிறுத்தக் காரணம் ஆகாது. அதற்காக அடிக்கடி நிறுத்தினால் நரம்பு வழி ஊட்டம்தான் நீளும். பச்சை நிறத்தில் பித்தம் வருவது, மலத்தில் ரத்தம், விறைத்த வயிறு ஆகியவை வேறு: உடனே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும்.

இப்படி விவரமாக எழுதினால் கிடைக்கும் பெரிய பலன், குடல் சுருக்கத்தைக் கண்டுபிடிப்பது. ஆறிய இடம் தழும்பாகிக் குடலைக் குறுக்கும். பொதுவாகச் சில வாரங்கள் கழித்து, பெரும்பாலும் பெருங்குடலில். நம் குழந்தை கிலோவுக்கு 120 மி.லி. வரை நன்றாக இருந்து, அதைத் தாண்டும்போதெல்லாம் வயிறு உப்பி, பாலைக் குறைத்ததும் சரியாகிறது என்று வையுங்கள். "ஏற்கவில்லை, குறைத்தோம்" என்று மூன்று முறை எழுதியிருந்தால் அது மூன்று தனிச் சம்பவமாகத் தெரியும். அளவையும் சேர்த்து எழுதியிருந்தால் ஒரே அளவில் மூன்று முறை தடைபட்டது தெரியும். அப்போது வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், ஆசனவாய் வழியே மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது பற்றி அறுவை மருத்துவருடன் பேச வேண்டும்.

வளர்ச்சிக்கு வருவோம். 1,200 கிராம் ஒரு வாரத்தில் 1,320 ஆனால் "தினமும் 17 கிராம் கூடியது" என்று நிம்மதியடைவது தவறு. சராசரி எடையான 1.26 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 13.6 கிராம்தான், வழக்கமான இலக்கு 15 முதல் 20. காரணம் பெரும்பாலும் இடைப்பட்ட நாட்களில் இருக்கும். பால் ஏற ஏற நரம்பு வழி ஊட்டத்தைக் குறைக்கிறோம். வலுவூட்டாத தாய்ப்பாலில் 100 மி.லி.க்குப் புரதம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். இந்தக் குழந்தைக்கோ தினம் கிலோவுக்கு 3.5 கிராமாவது வேண்டும். திரவக் கணக்கு சரியாக இருக்கும், புரதம் சத்தமில்லாமல் விழுந்திருக்கும். பாலிலிருந்தும் நரம்பு வழியாகவும் வந்த புரதத்தைச் சேர்த்து தினமும் எழுதினால் அந்தப் பள்ளம் தெரியும். வலுவூட்டியை எப்போது சேர்ப்பது என்பதையும் அதை வைத்தே பேசலாம். வாரம் ஒருமுறை நீளமும் தலைச்சுற்றளவும் அளக்க வேண்டும், ஏனென்றால் நீர் கோத்தாலும் எடை கூடும்.

வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் கடைசியாக நிலைத்த பால் அளவு, எந்த அளவில் எப்போது தடைபட்டது, வளர்ச்சி வரைபடத்தில் குழந்தை நிற்கும் இடம் ஆகியவை இருக்க வேண்டும். வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, மலம் போகாமல் நின்றாலோ அன்றே வர வேண்டும் என்றும் பெற்றோருக்குப் புரியும்படி எழுதித் தர வேண்டும். குடல் சுருக்கம் வீட்டுக்குப் போன பிறகும் தலைகாட்டலாம்.