கையில் விஸ்கி கிளாஸ், எதிரில் ஓய்வுபெறும் சார்: மூன்று நிமிடம் பேசுவது எப்படி?

பெங்களூரில் பணி ஓய்வு விழா பல இடங்களில் இரண்டு கட்டமாக நடக்கிறது. பகலில் அலுவலகத்தில் மாலை, சால்வை, தலையில் மைசூர் பேட்டா, பழக்கூடை, குடும்பத்தோடு புகைப்படம். மேலதிகாரி பேசுவார், சங்கத்துக்காரர் பேசுவார். இரவில் நெருங்கிய சகாக்கள் மட்டும் ஒரு கிளப்பிலோ ஓட்டலிலோ கூடுவார்கள். இந்த விளக்கம் அந்த இரண்டாவது கூட்டத்துக்கானது. கிளாஸை உயர்த்திப் பேசும் பொறுப்பு முதன்முறையாக உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: அவரிடமே கேட்டுவிடுங்கள்

பேச்சை எழுதும் முன் ஓய்வுபெறுபவரிடம் தனியாக இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். விஸ்கி அவருக்குச் சம்மதமா? வீட்டிலிருந்து யாராவது வருகிறார்களா? எத்தனையோ பேர் சகாக்களோடு ஒரு பெக் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் மருமகன் முன்னால் கிளாஸைத் தொடமாட்டார்கள். அது தெரியாமல் நீங்கள் அவர் கையில் கிளாஸைத் திணித்தால், பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் காதில் ஏறாது. வேண்டாம் என்றால் அவர் கையில் எலுமிச்சை சோடா இருக்கட்டும். உயர்த்துவதற்கு அதுவும் போதும்.

இரண்டாம் படி: பொருள் திரட்டுவது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று சகாக்களிடம் கேட்டால் ‘நல்ல மனிதர், கடின உழைப்பாளி’ என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேள்வியை மாற்றுங்கள். அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் எது? அவருடைய மேசை மேல் எப்போதும் இருப்பது என்ன? அவர் உங்களை எதற்காகக் கடிந்துகொண்டார்? மூத்தவர் ஒருவரிடமும், அண்மையில் சேர்ந்த இளையவர் ஒருவரிடமும், வேறு பிரிவில் இருப்பவர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் சொன்னதில் எந்தப் பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுதான் உங்கள் பேச்சு.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். பீன்யாவில் ஒரு தொழிற்சாலை. ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்த தமிழர் ஓய்வு பெறுகிறார், வீடு அல்சூரில். விசாரித்ததில் மூவரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: பழைய கையுறையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிய கையுறை தருவார். பொருள் கேட்டு எழுதும் இண்டென்ட் சீட்டு இல்லாமல் ஒரு நட்டுகூட அவருடைய ஜன்னலைத் தாண்டி வெளியே வராது. இது சிரிப்புக்கான பொருள். ஆனால் இதோடு நின்றுவிட்டால் கஞ்சத்தனத்தைக் கேலி செய்ததாகிவிடும். அதே பழக்கம் யாருக்காவது உதவிய ஒரு சம்பவம் வேண்டும். தேடினால் கிடைக்கிறது. ஒரு இரவு ஷிப்டில் கன்வேயர் மோட்டாரின் பேரிங் போய்விடுகிறது. 6205 என்ற எண்ணுள்ள சாதாரண பேரிங், உள்துளை 25 மில்லிமீட்டர். கடைகள் எல்லாம் மூடிய நேரம். மெக்கானிக் அவரை வீட்டில் போனில் எழுப்புகிறார். அவர் தூக்கக் கலக்கத்திலேயே, ‘மூன்றாவது ரேக், இரண்டாவது தட்டு, நீல டப்பாவுக்குப் பின்னால்’ என்கிறார். பேரிங் அங்கேயே இருக்கிறது.

சிரிப்பும் அன்பும் ஒரே பழக்கத்திலிருந்து வரும்போது இரண்டையும் ஒட்டவைக்க நீங்கள் பாடுபட வேண்டியதில்லை.

எந்தக் கேலி கூடாது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அதே கதையை அவர் தன் மனைவி முன்னால் தானே சொல்லிச் சிரிப்பாரா? சிரிப்பார் என்றால் சொல்லலாம். கிடைக்காமல் போன பதவி உயர்வு, உடல்நலம், மேலதிகாரியோடு நடந்த சண்டை, முன்பொரு விருந்தில் அவர் எவ்வளவு குடித்தார் என்ற கணக்கு, இவற்றைத் தொடவே வேண்டாம். ‘இனி வீட்டில் அண்ணிக்குத்தான் கஷ்டம்’ என்பதையும் விட்டுவிடுங்கள். எல்லா விழாவிலும் எல்லாரைப் பற்றியும் அதைச் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் படி: எழுதுவது

அரைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். போனைப் பார்த்துப் படித்தால், கூட்டம் சிரிக்கும் நேரத்தில் திரை அணைந்துவிடும். உதாரணப் பேச்சு இப்படி வரும்:

“சார், இந்த மேசையில் இருக்கிற எல்லாருக்கும் நீங்கள் ஒரு முறையாவது ‘பழசு எங்கே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சேர்ந்த முதல் நாளே கேட்டீர்கள். முதல் நாள் வந்தவனிடம் பழைய கையுறை எப்படி இருக்கும் சார்? இருந்தாலும் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தீர்கள்.

“அந்த இரவு மோட்டார் நின்றபோது, அல்சூரில் படுத்துக்கொண்டே பீன்யாவில் இருக்கும் பேரிங்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். எழுந்து விளக்குக்கூடப் போட்டிருக்கமாட்டீர்கள். நாங்கள் நன்றி சொல்வதற்குள், ‘எடுத்ததும் இண்டென்ட் எழுதி வையுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். அன்று ஷிப்ட் ஓடியது. எங்களில் யாருக்கும் திட்டு விழவில்லை.

“நாங்கள் பழையதைத் திருப்பித் தராமல் நீங்கள் எங்களுக்குப் புதியது எதையும் கொடுத்ததில்லை. இன்று நாங்கள் தருவதை மட்டும், எதையும் திருப்பித் தராமல் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாரும் எழுந்திருங்கள். நம்ம சாருக்கு!”

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். எழச் சொல்வது ஒரு வாக்கியம், கிளாஸை உயர்த்தும் சொல் இன்னொன்று. இரண்டும் மிகச் சிறியவை. முடிவு நீளமாக இருந்தால் பாதிப் பேர் கிளாஸைத் தூக்கியிருப்பார்கள், மீதிப் பேர் எப்போது தூக்குவது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். ‘நம்ம சாருக்கு’ என்றால் மேசையில் இருக்கும் கன்னட நண்பர்களும் கூடவே சொல்லிவிடுவார்கள்.

நான்காம் படி: கிளாஸும் நேரமும்

முதல் சுற்று ஊற்றி முடித்ததும், இரண்டாவது சுற்று தொடங்கும் முன் பேசிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மூலையிலும் தனிப் பேச்சு ஆரம்பித்துவிடும், யாரையும் திரும்பப் பிடிக்க முடியாது. ஒரு ஸ்மால் பெக், அதாவது 30 மில்லி, தண்ணீர் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடிக்கும்வரை குடிக்காதீர்கள். நிறைய ஐஸ் போட்டால் நீங்கள் உயர்த்தும் நேரத்துக்குள் கிளாஸின் வெளிப்புறம் ஈரமாகி வழுக்கும். மேசையில் எல்லார் கிளாஸிலும் ஏதாவது இருக்கிறதா என்று பரிமாறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிப் பார்த்துக்கொள்ளச் செய்யுங்கள். குடிக்காதவர்கள் காலிக் கிளாஸோடு நின்றால் விலக்கி வைத்ததுபோல் இருக்கும்.

பேசும்போது கையில் தாள் மட்டும் இருக்கட்டும், கிளாஸ் மேசையில் இருக்கட்டும். ‘எல்லாரும் எழுந்திருங்கள்’ என்னும்போது தாளை வைத்துவிட்டுக் கிளாஸை எடுங்கள். அந்த அசைவைப் பார்த்தே மற்றவர்களுக்கு நேரம் வந்துவிட்டது என்று புரிந்துவிடும். தோள் உயரத்துக்குத் தூக்கி, அவர் முகத்தைப் பார்த்து, ஒரு வாய் மட்டும் குடியுங்கள். அவர் உட்கார்ந்தே இருக்கலாம், குடிக்காமலும் இருக்கலாம். தனக்காக உயர்த்தப்பட்ட கிளாஸுக்கு அவரும் சேர்ந்து குடிக்காமல் இருப்பதுதான் பழைய மரபு.

எங்கே இடறும்?

முதல் சிரிப்பு வராமல் போகலாம். வரவில்லை என்றால் விளக்க வேண்டாம், மறுபடி சொல்லவும் வேண்டாம். பேரிங் கதைக்கு நேராகப் போய்விடுங்கள், அது சிரிப்பு இல்லாமலும் நிற்கும். அவர் கண் கலங்கினால் வேடிக்கை பேசி மாற்றப் பார்க்காதீர்கள். ஒரு மூச்சு விட்டு, அடுத்த வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். கிளாஸை உயர்த்திய பிறகு வேறு யாராவது ‘நானும் ரெண்டு வார்த்தை’ என்று எழுவார். அவருக்கு இடம் கொடுக்கும் முன், ‘முதலில் சார் பேசட்டும்’ என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.