கொப்பியில் எழுதும் குறிப்பு பிள்ளைக்கு உதவுமா? மூன்று கேள்விப் பட்டியலைப் பிழையாகப் பாவிக்கும் இடங்கள்

"கருத்துகள் நன்று. எழுத்துப் பிழைகளைக் கவனிக்கவும். இன்னும் முயற்சி செய்யவும்." தரம் 8 கொப்பி ஒன்றில் கட்டுரைக்குக் கீழே இப்படி எழுதி, பக்கத்தில் 12/20 போட்டு, கையெழுத்தும் திகதியும் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நல்ல குறிப்பா என்று பார்க்கப் பல பாடசாலைகளில் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். துல்லியமாக இருக்கிறதா? பிள்ளை செய்யத்தக்கதாக இருக்கிறதா? அன்பாக இருக்கிறதா? அவசரமாகப் பார்த்தால் மூன்றுக்கும் 'சரி' விழுந்துவிடும். எழுத்துப் பிழை என்று ஒன்றைச் சுட்டியிருக்கிறார், 'கவனிக்கவும்' என்று செய்யச் சொல்லியிருக்கிறார், 'நன்று' என்று பாராட்டியுமிருக்கிறார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. பட்டியலில் பிழை கிடையாது, அதைப் பிடிக்கும் விதத்தில்தான் பிழை.

முதல் தவறு, குறிப்பை மட்டும் தனியாக வாசிப்பது. கொப்பிகளை மேற்பார்வை செய்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். சிவப்பு மை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கண் போகும், பிள்ளை எழுதியதை வாசிக்க நேரமிருக்காது. ஆனால் பிள்ளையின் எழுத்தைப் பக்கத்தில் வைக்காமல் குறிப்பை மதிப்பிடவே முடியாது. மேலே சொன்ன குறிப்புக்கு உரிய கட்டுரை இது என்று எடுத்துக்கொள்வோம். பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்பது தலைப்பு. கோணேஸ்வரத்துக்குப் போகிற வழியில் அந்த மான்களைப் பார்க்காத பிள்ளை திருகோணமலையில் இருக்காது.

"கோட்டையில் உள்ள மான்களுக்கு நாம் சாப்பாடு கொடுக்கக் கூடாது. ஏனென்றால் அது பிழை. மக்கள் சாப்பாட்டைப் பொலித்தீன் பையோடு போடுகிறார்கள். மான்கள் மிகவும் அழகானவை. வெளினாட்டவர் மான்களைப் பார்க்க வருகிறார்கள். ஆகவே நாம் மான்களுக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது."

இப்போது குறிப்பைத் திரும்ப வாசியுங்கள். 'எழுத்துப் பிழைகள்' என்று பன்மையில் சொல்லியிருக்கிறது. இருப்பது ஒன்றே ஒன்றுதான், 'வெளினாட்டவர்'. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டாம் வாக்கியம் காரணம் மாதிரித் தோன்றினாலும் முதல் வாக்கியத்தைத்தான் சுற்றி வந்து சொல்கிறது. மூன்றாம் வாக்கியத்தில் ஒரு நல்ல காரணம் கையில் கிடைத்தும் பிள்ளை அதைப் பாதியில் விட்டுவிட்டது. பொலித்தீன் பையால் மானுக்கு என்ன நடக்கும் என்று எழுதவில்லை. நாலாவதும் ஐந்தாவதும் தலைப்போடு ஒட்டவில்லை. அந்தக் குறிப்பு இவை எதையும் தொடவே இல்லை.

துல்லியம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. அதே வகுப்பின் கொப்பிகளில் ஐந்தை எடுத்து, ஒன்றின் குறிப்பை மட்டும் தனித் துண்டில் எழுதி, வேறொரு ஆசிரியரிடம் கொடுத்து "இது எந்தக் கொப்பிக்கு உரியது?" என்று கேளுங்கள். அவர் சரியான கொப்பியை எடுத்தால் குறிப்பு துல்லியமானது. ஐந்துக்கும் பொருந்துகிறதே என்று அவர் முழித்தால் அந்தக் கேள்விக்குச் 'சரி' போட வழியில்லை. குறிப்பின் நீளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அரைப் பக்கத்துக்கு எழுதிய குறிப்பும் எல்லாக் கொப்பிக்கும் பொருந்தலாம், ஏழு சொல்லில் எழுதியது ஒரு கொப்பியின் ஒரே வரியில் போய் நிற்கலாம்.

அடுத்தது 'செய்யத்தக்கது' என்ற கேள்வி. இங்கேதான் ஆகப் பெரிய குழப்பம். 'எழுதவும்', 'கவனிக்கவும்', 'முயலவும்' என்று வாக்கியம் முடிந்தாலே செய்யச் சொல்லியாயிற்று என்று எடுத்துக்கொள்கிறோம். இன்னும் முயற்சி செய்யவும் என்றால் பிள்ளை இன்றைக்குப் பின்னேரம் வீட்டில் இருந்து எதைச் செய்வது? பேனாவைக் கையில் கொடுத்துப் பத்து நிமிடம் தந்தால், பிள்ளை முதலில் எந்த வரியில் பேனாவை வைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கே பதில் தெரியாவிட்டால் பிள்ளைக்கும் தெரியாது. பிள்ளையிடமே கேட்பது இன்னும் நல்லது. "டீச்சர் என்ன செய்யச் சொல்லியிருக்கிறா?" என்று கேட்டால், "வடிவாக எழுதச் சொல்லியிருக்கிறா" என்று பதில் வரும். வகுப்பில் அரைவாசிப் பிள்ளைகள் எந்தக் குறிப்புக்கும் இந்தப் பதிலைத்தான் சொல்வார்கள்.

மான் கட்டுரைக்கு இப்படி எழுதலாம்: "பொலித்தீன் பை பற்றி நீர் எழுதிய மூன்றாம் வாக்கியம்தான் உமது பலமான காரணம். அதைத் தின்றால் மானுக்கு என்ன நடக்கும்? அதற்குக் கீழே இரண்டு வாக்கியம் சேர்க்கவும். நாலாவதும் ஐந்தாவதும் 'கொடுக்கக் கூடாது' என்பதற்கு உதவுகின்றனவா என்று பார்க்கவும். உதவாவிட்டால் வெட்டலாம்." எழுத்துப் பிழைக்குக் குறிப்பே தேவையில்லை, சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போதும். இதை வாசித்த பிள்ளை, "மான் பையையும் சேர்த்துத் தின்றால் அது வயிற்றில் செமிக்காது. மான் செத்தும் போகலாம்" என்று சேர்த்தால், செய்ததா இல்லையா என்று யாரும் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த வாக்கியங்களை ஆசிரியரே எழுதிக் கொடுத்து, "இப்படி எழுதவும்" என்று விட்டால் என்ன? துல்லியம் உண்டு, செய்யவும் முடியும், கடுமையும் கிடையாது. பட்டியல் மூன்றுக்கும் 'சரி' போட்டுவிடும். ஆனால் பிள்ளை பார்த்து எழுதியதோடு வேலை முடிந்தது, யோசித்தது ஆசிரியர் மட்டும். அதனால் செய்யத்தக்கதா என்று கேட்கும்போது, அதைச் செய்யப் பிள்ளை கொஞ்சமாவது யோசிக்க வேண்டி வருமா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். எழுத்துப் பிழைக்குத் திருத்திக் கொடுப்பது சரி. காரணம் காட்டுவது, ஒழுங்குபடுத்துவது போன்றவற்றுக்குக் கேள்வி கேட்பதுதான் நல்லது.

அன்பு என்பதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வது மூன்றாவது தவறு. "கெட்டிக்காரப் பிள்ளை" என்று எழுதினால் அன்புக்கு உடனே 'சரி' விழுகிறது. பிழையை நேராகச் சொன்னால் அன்பு குறைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகள் பலவற்றைக் குளுகரும் டெனிசியும் 1996இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் உதவியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான இடங்களில் அது செயற்பாட்டைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். ஆகவே 'கெட்டிக்காரன்' என்பதும் 'கவனயீனமானவன்' என்பதும் ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன. இரண்டும் ஆளைப் பற்றிப் பேசுகின்றன, மூன்றாம் வாக்கியத்தைப் பற்றிப் பேசவில்லை.

அன்பைப் பார்க்க மூன்று இடங்களைத் தேடினால் போதும். பிள்ளையின் குணத்துக்குப் பட்டம் கட்டியிருக்கிறதா, இன்னொரு பிள்ளையோடு அல்லது அக்காவோடு ஒப்பிட்டிருக்கிறதா, கேலி இருக்கிறதா. "இது கட்டுரையா கடிதமா?" என்று எழுதுவதை நகைச்சுவை என்று நினைக்கும் சேர்மார் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கொப்பியை வீட்டில் அம்மா பார்ப்பா, பக்கத்து மேசைப் பிள்ளையும் பார்க்கும். இந்த மூன்றும் இல்லாமல் "இரண்டாம் வாக்கியம் காரணமாகாது" என்று எழுதுவதில் அன்புக் குறைவு எதுவும் இல்லை.

பக்கத்தில் போட்ட புள்ளியைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் ஒரு தவறு. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் சில பிள்ளைகளுக்குப் புள்ளி மட்டும் கொடுக்கப்பட்டது, சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்குப் புள்ளி மட்டும் பெற்றவர்களைவிடப் பெரிய நன்மை இருக்கவில்லை. நமது வகுப்புகளிலும் இதைப் பார்க்கலாம். கொப்பி கைக்கு வந்ததும் முதலில் வரும் கேள்வி "உனக்கு எத்தனை?" என்பதுதான். எனவே 12/20இன் நிழலில் கிடக்கும் குறிப்புக்கு மூன்று 'சரி' போடுவதால் அது உதவும் என்று ஆகாது. தவணைப் பரீட்சைக்குப் புள்ளி போடாமல் விட முடியாது என்பது உண்மை. வகுப்பில் எழுதும் கட்டுரைக்காவது முதலில் குறிப்பை மட்டும் கொடுத்து, பிள்ளை திருத்திய பிறகு புள்ளி போடலாம்.

மூன்று கேள்விகளுக்கும் விடைகளைக் கூட்டி "3க்கு 2" என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. இது எனக்கு ஒத்துவராத விஷயம். அன்பும் துல்லியமும் இருந்து செய்ய ஒன்றும் இல்லாத குறிப்பும், துல்லியமாகவும் செய்யத்தக்கதாகவும் இருந்து பிள்ளையை அவமானப்படுத்தும் குறிப்பும் ஒரே 2 ஆகிவிடுகின்றன. கேலி இருந்தால் மற்ற இரண்டையும் பார்க்கவே தேவையில்லை, குறிப்பைத் திரும்ப எழுதத்தான் வேண்டும். எது விடுபட்டது என்று ஒரு சொல்லில் எழுதிவைப்பது எண்ணைவிட உதவும். இரண்டு பேர் ஒரே பத்துக் குறிப்புகளைத் தனித்தனியாகப் பார்த்து, எங்கே ஒத்துப்போகவில்லையோ அந்தக் கொப்பிகளை மட்டும் எடுத்து வைத்துக் கதைப்பது நல்லது. கொப்பிகளை அடுக்கில் ஐந்துக்கு ஒன்றாக எடுங்கள். ஆசிரியரே தெரிந்து தந்தால் வடிவான கொப்பிகள்தான் வரும்.

ஆசிரியர் பக்க நியாயமும் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் இரண்டு மணித்தியாலம். எல்லாப் பயிற்சிக்கும் இப்படி எழுதச் சொன்னால் மறுபடியும் 'நன்று, முயற்சி செய்யவும்' தான் வரும். அது பிள்ளைக்கு எழுதியதல்ல, அதிபருக்கோ ஆசிரிய ஆலோசகருக்கோ காட்ட எழுதியது. கொப்பி திருத்தியாயிற்று என்பதற்குத் திகதியும் கையெழுத்தும் போதும் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால், மாதத்தில் ஒன்றிரண்டு கட்டுரைக்கு உண்மையான குறிப்பு எழுத நேரம் கிடைக்கும்.

கடைசியாக, அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் கொப்பியை மூடுவது. பாடசாலைக்குக் கைபேசி கொண்டுவரலாமா என்று அடுத்த கட்டுரை எழுதும்போது, அந்தப் பிள்ளை காரணத்தைச் சொல்லிவிட்டு அதனால் என்ன நடக்கும் என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், பிள்ளை அசட்டை என்று முடிவுகட்ட முன்னர் மான் கட்டுரைக்கே திரும்பிப் போங்கள். அங்கே கேட்ட இரண்டு வாக்கியங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா? சேர்க்கப்படவில்லை என்றால் வகுப்பில் அதற்கு நேரம் கொடுக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். சேர்த்திருந்தும் அடுத்ததில் வரவில்லை என்றால், குறிப்பு மானோடு நின்றுவிட்டது. அப்போது அடுத்த முறை குறிப்பில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: "எந்தக் காரணத்தை எழுதினாலும், 'அதனால் என்ன நடக்கும்?' என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கவும்."