கண்ணாடியைக் கழற்றினால் மாறுகண் அதிகமாகிறதா?

குழந்தைகளின் மாறுகண் பிரிவில் வேலை பார்ப்பதால் இந்த போன் எனக்குப் பழகிப்போன ஒன்று. கண்ணாடி போட்டு மூன்று வாரம் ஆனதும் வரும். "மேடம், முன்னாடி சாயங்காலம் அசதியா இருக்கும்போதுதான் கண் உள்ளே போகும். இப்போ கண்ணாடியைக் கழற்றின உடனே போகுது. கண்ணாடி போட்டதால கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை. ஆனால் இந்தப் பயத்தில் கண்ணாடியை மேசை டிராயருக்குள் வைத்துவிடுகிற வீடுகள் நிறைய. நான் பார்த்த தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான்.

பக்கத்தில் உள்ள பொருளைத் தெளிவாகப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தன்னைக் குவித்துக்கொள்ளும். அப்படிக் குவியும்போதெல்லாம் இரண்டு கண்களும் சேர்ந்து மூக்குப் பக்கமாகத் திரும்பும். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல. பிளஸ் பவர் அதிகமாக உள்ள குழந்தை தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கே லென்ஸைக் குவிக்க வேண்டும். பக்கத்தில் பார்க்க இன்னும் கூடுதலாக. அந்த அதிகப்படி முயற்சி ஒரு கண்ணை உள்ளே இழுத்துவிடும். பெரும்பாலும் 2, 3 வயதில் இது தலைகாட்டும். காய்ச்சலுக்குப் பிறகோ தூக்கக் கலக்கத்திலோ முதலில் தெரியும். 1864-லேயே டாண்டர்ஸ் என்ற டச்சு மருத்துவர் இந்தத் தொடர்பை எழுதிவைத்துவிட்டார். லென்ஸ் செய்ய வேண்டிய வேலையைக் கண்ணாடி செய்துவிட்டால் இழுப்பு நின்றுவிடும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் கழற்றியதும் ஏன் கூடுதலாகப் போகிறது? முன்பு அந்தக் குழந்தை மங்கலான காட்சியோடு சமாதானமாகி, பல நேரம் குவிக்காமலே விட்டிருக்கும். அதனால் கண் நேராக இருந்தது. இப்போது தெளிவு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. கண்ணாடி இல்லாதபோதும் அதே தெளிவு வேண்டி முழு மூச்சாகக் குவிக்கிறது. கண் உள்ளே போகிறது. ஆக, பார்க்க வேண்டியது கழற்றும்போது என்ன ஆகிறது என்பதை அல்ல, போட்டிருக்கும்போது கண் நேராக இருக்கிறதா என்பதை. குளியலுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் கழற்றலாம். கல்யாண வீட்டு போட்டோவுக்காகக் கழற்றுவது வேண்டாம். அந்தப் படத்தில்தான் மாறுகண் நன்றாக விழும்!

எங்களிடம் வரும் குழந்தைகளைப் போல ஒரு மூன்றரை வயதுச் சிறுமியை எடுத்துக்கொள்வோம். கடையில் இயந்திரத்தில் பார்த்தபோது +2.25 என்று காட்டியது. "சின்ன பவர்தான், பெரியவளானா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும், "சுவரில் ஊர்கிற எறும்புகூட இவளுக்குத் தெரியுது, இவளுக்கு எதுக்குக் கண்ணாடி?" என்றார் பாட்டி. எறும்பு தெரிவது உண்மைதான். லென்ஸைக் குவித்துப் பார்க்கிறாள், அந்த உழைப்பில் பவரும் ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் மருந்து போடாமல் எடுத்த பவரை நாங்கள் நம்புவதில்லை. லென்ஸை ஓய வைக்கும் அட்ரோபின் ஆயின்மென்டை மூன்று நாள், காலையும் இரவும், அரிசி அளவு கண்ணுக்குள் வைத்து வரச் சொன்னோம். (முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் நிறுத்திவிட்டு போன் செய்ய வேண்டும். வைத்த பிறகு கை கழுவ வேண்டும். வாயில் போனால் ஆபத்து, டியூபைக் குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.) லென்ஸ் ஓய்ந்த பிறகு பார்த்தால் வலது கண் +5.00, இடது கண் +5.50. விழித்திரையையும் அதே நாளில் பார்த்தோம். மாறுகண்ணுக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா.

முழுப் பவரும் எழுதினோம். இங்கே இன்னொரு தவறு நடக்கும். "இவ்வளவு பவரா, குழந்தை தாங்காது" என்று சொல்லிக் கடையில் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். பாதிப் பவர் போட்டால் மீதியைக் குழந்தை குவித்தே ஈடுகட்டும், கண்ணும் பாதி உள்ளேயே நிற்கும். ஃபிரேம் மூக்கில் சரிந்து குழந்தை மேல்விளிம்புக்கு மேலாகப் பார்த்தாலும் இதே கதைதான். காதுக்குப் பின்னால் ஸ்ட்ராப் கட்டி, கண்ணாடி லென்ஸின் நடு கண்மணிக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள்.

முதல் ரிவியூ 6 வாரம் கழித்து. ஏன் அவ்வளவு தள்ளி? குவித்தே பழகிய கண் தளர நாளாகும். முதல் வாரம் சில குழந்தைகள் மங்கலாகத் தெரிகிறது என்று கண்ணாடியைப் பிடுங்கி எறியும்; அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. 6 வாரத்தில் நம் சிறுமிக்குக் கண்ணாடியோடு தூரத்திலும் பக்கத்திலும் கண் நேராக இருந்தது. வீட்டார் அதோடு நிம்மதியாகிவிட்டார்கள். ஆனால் கண்களைத் தனித்தனியாகச் சோதித்தால் வலது 6/9, இடது அதைவிட மங்கலாக 6/18. மூளை ஒதுக்கிவைத்த சோம்பேறிக் கண் அது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. "கண் நேராயிடுச்சே" என்று ரிவியூவை விடுபவர்கள் இழப்பது இதைத்தான். அந்த இடது கண்ணை வேலை வாங்க, நன்றாகத் தெரியும் வலது கண்ணை மூடித் தினமும் 2 மணி நேரம் பேட்ச், இரண்டு மாதத்தில் மறுபடி சோதனை. அப்புறம் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை, பார்வை நிலைத்த பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை.

சிலருக்கு 6 வாரம் கழித்துத் தூரத்தில் நேராகவும் பக்கத்தில் மட்டும் உள்ளேயும் இருக்கும். அவர்களுக்கு, கீழ்ப்பாதியில் பக்கத்தில் பார்ப்பதற்குக் கூடுதல் பவர் உள்ள பைஃபோகல் கண்ணாடி. பெரியவர்களுக்கு வைப்பதுபோல இரண்டு பவரையும் பிரிக்கும் கோட்டைக் கீழே வைத்துவிட்டால் குழந்தை அதன் வழியே பார்க்கவே பார்க்காது. கோடு கண்மணியின் நடுவில் வர வேண்டும். இன்னும் சிலருக்கு முழுப் பவருக்குப் பிறகும் மாறுகண் மிச்சமிருக்கும். ஆபரேஷன் அந்த மிச்சத்துக்கு மட்டும்தான். கண்ணாடியே சரிசெய்கிற பங்குக்கும் சேர்த்து ஆபரேஷன் செய்தால் பின்னாளில் கண் வெளிப்பக்கம் போகக்கூடும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது மருந்து போட்டு பவர் எடுக்க வேண்டும். பிளஸ் பவர் 6, 7 வயதுவரை கூடவும் செய்யும், பிறகுதான் மெல்ல இறங்கும். நம் சிறுமிக்கு 5 வயதில் கண்ணாடி போட்டிருந்தும் கண் உள்ளே போக ஆரம்பித்தது. அம்மா அடுத்த தேதி வரை காத்திருக்காமல் வந்தார், அதுவே சரி. பவர் +0.75 கூடியிருந்தது, மாற்றியதும் நேரானது. 8 வயதுக்கு மேல், பவரில் 0.50 மட்டும் குறைத்துப் பார்த்து, கண் நேராக நின்றால் அடுத்த படி. எல்லோருக்கும் கண்ணாடி முழுதாகக் கழன்றுவிடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் சேராது. திடீரென்று மாறுகண் வந்து, தலைவலி, வாந்தி, இரட்டையாகத் தெரிவது, கண் வெளிப்பக்கம் திரும்பாதது இதில் எது இருந்தாலும், அல்லது போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும், அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

சிறுமிக்கு ஒன்றரை வயதில் ஒரு தம்பி இருக்கிறான். இது குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால், அடுத்த ரிவியூவுக்கு அவனையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.